நடை சாத்திய பிறகும் எரியும் விளக்கு

அத்தைக்கு வயது 74. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். இரவு படுக்கும்போது தலைமாட்டு ஸ்டூலில் சொம்பு, மாத்திரை டப்பா, அவற்றின் மேல் சாய்த்து வைத்த போன். போனில் ஒரு விளக்கு எரியும், மெல்லிய குரலில் நாமம் ஓடும். பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவார். மூன்று வருடமாக இதுதான் பழக்கம்.

ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார். பதறி எடுத்தேன். "ஒண்ணுமில்லப்பா. நமசிவாயம் ஓடிட்டே இருந்துச்சு. திடீர்னு ஒருத்தன் சிமெண்டு வாங்கச் சொல்லிக் கத்துறான். யாரோ வீட்டுக்குள்ள வந்துட்டாங்கன்னு எந்திரிச்சு உக்காந்துட்டேன். நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றார். பேசிக்கொண்டே இருந்ததில் படபடப்பு அடங்கியது. ஆனால் அன்றிலிருந்து போனைத் தொடப் பயந்தார், தூக்கமும் போயிற்று. சரி, விளம்பரம் இல்லாமல் நாமே ஒன்று செய்து கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். ஒரு விளக்கு, ஒரு குரல், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தது என் அறியாமை. மூன்று வாரம் ஆனது.

மற்ற எந்த வீடியோவுக்கும் பார்ப்பவரைப் பிடித்து உட்கார வைப்பதுதான் வேலை. இதற்கு அவரைக் கைவிட வேண்டும். எட்டு மணி நேரம் ஓட வேண்டும், அதில் எதுவுமே நடக்கக் கூடாது. எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது, ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பி.

தூக்கத்தையும் பக்தியையும் சேர்ப்பது போன் வந்த பிறகு முளைத்த வழக்கம் இல்லை. சிவன் கோயில்களில் அர்த்தஜாமத்துக்குப் பிறகு பள்ளியறை பூஜை உண்டு. மதுரையில் சொக்கநாதரின் பாதுகைகள் பல்லக்கில் மீனாட்சி சந்நிதிக்குப் போகின்றன, தாலாட்டிப் பள்ளியறைக் கதவைச் சாத்துகிறார்கள். சபரிமலையில் ஹரிவராசனம் ஒலிக்க ஒலிக்க சந்நிதி விளக்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, முடியும்போது ஒன்று மட்டும் மிஞ்சும். தூங்க வைப்பது சாமியைத்தான். அந்தப் பாட்டின் ஓரத்தில் பக்தரும் கண்ணயர்ந்துகொள்கிறார். எங்கள் வீடியோ கடைசியில் சரியாக அமைந்ததற்கு இந்த நடை சாத்தும் வழக்கமே காரணம் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

முதலில் விளக்கு. பெரிய குத்துவிளக்கைத் துலக்கி, ஐந்து முகமும் ஏற்றி வைத்தேன். தம்பி பார்த்துவிட்டு, "அண்ணே, இது கும்பாபிஷேகத்துக்கு நல்லாருக்கும். தூங்குறதுக்கு ஒரு முகம் போதும்" என்றார். வீட்டில் இருந்த சின்ன காமாட்சி விளக்கை எடுத்தோம். நல்லெண்ணெய், பஞ்சுத் திரி. திரி தடிமனாக இருந்தால் சுடர் உயரமாக எழும்பி, நுனி நடுங்கத் தொடங்கும். சூடான காற்று மேலே ஏறும் வேகத்தில் சுடரே விநாடிக்குப் பத்து தடவைக்கு மேல் துடிக்கும். கண்ணுக்கு அது பரபரப்பு. மெல்லிய திரியாகத் திரித்து, முகத்துக்கு வெளியே கொஞ்சமாக நீட்டிவிட்டால் ஓர் அங்குல உயரத்துக்குச் சுடர் அமைதியாக நிற்கும்.

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகினோம். சுடர் சிலை போல் நின்றுவிட்டது. பத்து நிமிடம் எடுத்துப் போட்டுப் பார்த்தால் அது வீடியோ மாதிரியே இல்லை, காலண்டர் படம் போல இருந்தது. உயிர் இல்லை. கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்ததும்தான் சுடர் அவ்வப்போது லேசாக ஒருபக்கம் சாய்ந்து நிமிர ஆரம்பித்தது. நடுங்கவும் கூடாது, உறையவும் கூடாது. இந்த ஒரு விரல் இடைவெளியைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு ராத்திரி போனது. நாங்கள் இருவரும் மூச்சு விடுவதே சுடரை அசைக்கிறது என்று தெரிந்து, போனை முக்காலியில் மாட்டிவிட்டு வெளியே திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டோம்.

எடுப்பது போனில்தான். ஆனால் போனின் புத்திசாலித்தனத்தை முதலில் அடக்க வேண்டும். இருட்டறையைக் காட்டினால், "வெளிச்சம் போதவில்லை" என்று அதுவே கூட்டிவிடும். சுவரும் தரையும் சாம்பல் நிறத்தில் தெரியும், சுடர் மட்டும் வெள்ளைப் பொட்டாக வெந்துபோகும். சுடரின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் குவியமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் சுடரின் உள்ளே இருக்கும் மஞ்சள், ஓரத்தின் செம்மை, அடியில் திரியை ஒட்டிய மெல்லிய நீலம் மூன்றும் பிரிந்து தெரியும். அதுதான் அளவு. அறை கறுப்பாகிவிடும், ஆகட்டும். நிறத்தையும் கையால் பூட்டியாக வேண்டும். போனை அதன் போக்கில் விட்டால் விளக்கின் மஞ்சளைத் தவறென்று எண்ணி வெள்ளையாக்கப் பார்க்கும். 3,000 கெல்வின் அருகே நிறுத்தினோம். தூக்கத்துக்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் நீலம் கலக்காமல் இருப்பது நல்லது. விளக்குச் சுடரின் இயல்பான நிறத்தைக் கெடுக்காமல் விட்டாலே அந்தக் காரியம் முடிந்தது.

விநாடிக்கு 60 சட்டகமாக எடுத்து 30ஆக ஓடவிட்டோம். பாதி வேகம். சுடர் சாய்வது ஒரு பெருமூச்சு போல ஆகிவிடுகிறது. இன்னும் மெதுவாக்கிப் பார்த்தோம். அப்போது சுடர் சுடராகத் தெரியவில்லை, தண்ணீருக்குள் ஆடும் துணி போல இருந்தது.

பின்னால் சுவர் இருந்ததில் ஒரு தொந்தரவு. சுடரைச் சுற்றிய வெளிச்சம் சுவரில் விழுந்து மெல்ல மெல்ல இருட்டில் கரையும். நேரில் பார்க்க அழகு. ஆனால் வீடியோவில் கறுப்புக்கும் மங்கலுக்கும் நடுவே கொடுக்கக்கூடிய படிகள் கொஞ்சம்தான். போதாக்குறைக்கு, இணையத்தில் ஏற்றும்போது கோப்பைச் சுருக்குகிறார்கள். இருட்டில் என்ன பெரிதாகத் தெரியப்போகிறது என்று சுருக்கும் முறை முதலில் கை வைப்பதே இருட்டில்தான். கரைந்து போக வேண்டிய வெளிச்சம், குளத்துப் படிக்கட்டு போல வளையம் வளையமாக நிற்கும். சமயத்தில் அந்த வளையங்கள் ஊர்ந்துகொண்டும் இருக்கும். என் கம்ப்யூட்டரில் இது தெரியவே இல்லை. அத்தையின் பழைய போனில், டேட்டா மிச்சம் பிடிக்க அவர் வைத்திருக்கும் 144p தரத்தில் போட்டபோது, விளக்கைச் சுற்றிக் கறுப்புக் கட்டங்கள் கரப்பான் பூச்சி போல ஓடின. விளக்கைச் சுவரிலிருந்து ஆறடி முன்னால் இழுத்து, பின்னால் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டோம். வெளிச்சம் விழ இடமில்லை, வளையமும் இல்லை. இப்படி ஒரு வீடியோ செய்கிறவர் தன் நல்ல திரையில் பார்த்துத் திருப்தி அடைந்தால் ஏமாந்தார். வீட்டிலிருக்கும் மட்டமான போனில், மட்டமான தரத்தில், விளக்கணைத்த அறையில் பார்க்க வேண்டும்.

இனி சுற்று. எட்டு மணி நேரமும் எடுக்கத் தேவையில்லை, சின்னத் துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் போதும். அதன் முடிவும் தொடக்கமும் ஒட்டும் இடம்தான் உயிர்நிலை. நேராக ஒட்டினால் சுடர் துள்ளும். ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை விளக்கு திடுக்கிடுவது போல இருக்கும். கண் பாதி மூடியவருக்கு அது நிச்சயம் தெரியும். வழக்கமான வைத்தியம், ஒன்றின் மேல் ஒன்றைக் கரைத்துவிடுவது. மேகம், கடல், மழை எல்லாவற்றுக்கும் இது செல்லும். விளக்குக்குச் செல்லாது. கரையும் அந்த ஒரு விநாடியில் ஒரே திரியில் இரண்டு சுடர்கள் தெரியும்.

முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை என்று ஓட்டினால் இணைப்பே வராதே என்று நான் யோசனை சொன்னேன். தம்பி சிரித்துவிட்டுச் செய்து காட்டினார். சுடர் பரவாயில்லை. ஆனால் ஓர் இடத்தில் திரி லேசாகப் புகைந்திருந்தது. திரும்பி வரும்போது அந்தப் புகை மேலிருந்து இறங்கிச் சுடருக்குள் நுழைந்தது. அத்தைக்கு அனுப்பினால் அன்றே பரிகாரம் கேட்டிருப்பார்.

கடைசியில் செய்தது பொறுமையான வேலை. எடுத்து வைத்திருந்த ஒன்பது நிமிடப் பதிவில், சுடர் ஒரே உயரத்தில், ஒரே நேர்க்கோட்டில், அசையாமல் நிற்கும் தருணங்களைக் குறித்துக்கொண்டே வந்தார். அவற்றில் ஏறக்குறைய ஒன்று போல இருக்கும் இரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒன்றில் தொடங்கி மற்றதில் முடித்தார். அந்த இடத்தில் அரை விநாடி கரைத்ததும் ஒட்டு மறைந்தது. முதலில் ஏழு நிமிட இடைவெளியில் ஒரு ஜோடி கிடைத்து மகிழ்ந்தோம். சுடர் அச்சாகப் பொருந்தியது, ஆனாலும் ஏதோ துள்ளியது. எது என்று கண்டுபிடிக்க வெகு நேரம் ஆயிற்று. அகலுக்குள் எண்ணெய்! ஏழு நிமிடத்தில் மட்டம் மயிரிழை இறங்கியிருந்தது. எண்ணெயின் விளிம்பில் மின்னும் கோடு சுற்று முடியும்போதெல்லாம் மேலே ஏறிக் குதித்தது. திரியின் நுனிக் கருகலும் அதற்குள் கொஞ்சம் வளர்ந்திருந்தது. எரிகிற விளக்கு ஒரு கடிகாரம். அதை ஏமாற்ற வேண்டுமானால் துண்டு சின்னதாக இருக்க வேண்டும். ஆகவே 32 விநாடிப் பதிவு, பாதி வேகத்தில் 64 விநாடி. எட்டு மணி நேரத்துக்கு அது 450 தடவை சுற்றும்.

அறுபது என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே என்று தோன்றும். காரணம் குரல். நாமத்தின் சுற்று 12 நிமிடம். சுடர் சரியாக ஒரு நிமிடமாக இருந்தால், நாமம் தொடக்கத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் சுடரும் தொடக்கத்துக்குத் திரும்பும். இரண்டு ஒட்டும் ஒரே நொடியில் விழும். கண்ணும் காதும் சேர்ந்து பிடித்துவிடும். 64 விநாடி என்றால் இரண்டும் 48 நிமிடத்துக்கு ஒருமுறைதான் சந்திக்கும். இசைக்காரர்கள் இதைக் கேட்டால், தாளத்தில் அரை இடம் தள்ளி எடுப்பு வைப்பது போல என்று உடனே புரிந்துகொள்வார்கள்.

அந்தக் காலத்துக் கோயில்களில் தூண்டாமணி விளக்கு என்று ஒன்று தொங்கும். யாரும் போய்த் திரியைத் தூண்டாமலும் எண்ணெய் விடாமலும், மட்டம் குறையக் குறையத் தானே சொட்டி நிரப்பிக்கொள்ளும்படியான அமைப்பு. இலங்கையில் தெதிகம என்ற ஊரில் கிடைத்த யானை விளக்கு இந்த வேலையை எவ்வளவு நுட்பமாகச் செய்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 12ஆம் நூற்றாண்டுப் பொருள். எண்ணெய் யானையின் வயிற்றில் இருக்கும். அகலில் மட்டம் இறங்கினால் காற்று உள்ளே போய் அந்த அளவுக்கு எண்ணெய் வெளியே வரும். நாங்கள் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்ததும் அதே கவலைக்குத்தான்.

குரலுக்கு வருகிறேன். அத்தைக்குக் கேசட் காலத்திலிருந்து பழகிய ஒரு குரல் உண்டு, அதுவே வேண்டும் என்றார். முடியாது. நாமமும் பதிகமும் நூற்றாண்டுகள் பழையவை, யாருக்கும் சொந்தமில்லை. ஒருவர் பாடிப் பதிவு செய்தது அப்படியல்ல. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டு உரிமை உண்டு. யூடியூபில் ஏற்றினால் பதிவைத் தானாக அடையாளம் கண்டுகொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. அத்தைக்கு மட்டும் என்றாலும், பிறரும் கேட்கட்டும் என்ற ஆசை எனக்கு வந்துவிட்டிருந்தது. அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர் இருக்கிறார், அவரைக் கேட்டோம். ஐந்தரைக் கட்டையில் கணீரென்று பாடினார். அவ்வளவு அருமையான குரலைக் கேட்டால் தூக்கம் எப்படி வரும்? "கச்சேரி வேணாம்மா, பேரனைத் தூங்க வைக்கிற மாதிரி" என்றதும் புரிந்துகொண்டு நாலரைக்கு இறங்கினார். குரல் தானாகத் தழைந்தது. ஒரு மூச்சுக்கு ஒரு நாமம், நிமிடத்துக்குப் பத்து.

பதிவுக்கூடம் அவர் வீட்டுத் துணி பீரோ. கதவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே போனை வைத்து, பீரோவைப் பார்த்துப் பாடச் சொன்னோம். துணி எதிரொலியைக் குடித்துவிடும். "சி" என்ற எழுத்து மட்டும் சீறியது. இரவின் நிசப்தத்தில், தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில், அந்தச் சீறல் பாம்பு மாதிரி கேட்கும். டீச்சர் அதை நாவால் கொஞ்சம் மழுக்கினார், மிச்சத்தைத் தம்பி மென்பொருளில் குறைத்தார். தொடக்கத்தில் ஒரு மணியோசை வைக்க ஆசைப்பட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார் டீச்சர். மணி அடிப்பது எழுப்பத்தானே.

நாமத்துக்கு அடியில் தம்பூரா இழை ஒன்று தொடர்ந்து ஓடுகிறது. அழகுக்காக மட்டும் அல்ல. குரல் ஒரு சுற்று முடிந்து மறு சுற்று தொடங்கும் இடத்தில் வெறும் மௌனம் இருந்தால், பதிவறையின் சன்னமான இரைச்சல் கூட அறுந்து திரும்ப ஒட்டுவது காதுக்குத் தெரியும். சுருதி அறாமல் ஓடினால் அது தெரியாது. இதில் எம்பி3 கோப்பை வைத்துச் சுற்றக் கூடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டோம். அந்த முறை கோப்பின் முன்னும் பின்னும் துளியளவு வெற்றிடத்தைச் சேர்த்துவிடுகிறது. திரும்பும்போதெல்லாம் சுருதி விக்கியது. சுருக்காத பதிவில் வெட்டி ஒட்டிவிட்டு, முழு எட்டு மணி நேரமும் ஆன பிறகே சுருக்க வேண்டும்.

தூங்க வைக்கும் ஒலி என்றால் சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். அதுவே பெரிய தப்பு. யூடியூப், அளவுக்கு மீறி உரக்க இருக்கும் வீடியோக்களைத் தானாகக் குறைக்கிறது. மெலிதாக இருப்பவற்றைக் கூட்டுவதில்லை. நீங்கள் மெலிதாகக் கொடுத்தால் கேட்பவர் போனின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு தூங்குவார். அடுத்து வரும் விளம்பரமோ, தானாக ஓடத் தொடங்கும் வேறு வீடியோவோ அந்தக் கூட்டிய அளவில் அலறும். மென்மை குரலில் இருக்க வேண்டும், பதிவின் அளவில் இல்லை. மற்ற வீடியோக்களின் அளவுக்கே பதிவைக் கொண்டுவந்துவிட்டால், கேட்பவர் போனில் ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்வார். பிறகு எது நுழைந்தாலும் அதுவும் குறைந்தே கேட்கும்.

சத்தம்தான் எழுப்பும் என்பதும் பாதி உண்மை. ராத்திரி கரண்ட் போனால் வீட்டில் எல்லோரும் ஏன் எழுந்துகொள்கிறோம்? புழுக்கம் வருவதற்கு முன்பே விழித்துவிடுகிறோமே, விசிறியின் இரைச்சல் நின்றதால். ஓடிக்கொண்டிருந்த ஒலி பொசுக்கென்று நிற்பதும் ஒரு தட்டல்தான். ஆகவே எங்கள் நாமம் முதல் 96 நிமிடம் அப்படியே ஓடும். அடுத்த 48 நிமிடத்தில் குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிப் போகும். அதன் பிறகு தம்பூரா மட்டும். அதுவும் கடைசி அரை மணி நேரத்தில் தேய்ந்து முடியும். இதைக் கேட்டு முடித்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

படத்தை எங்கே முடிப்பது என்பதில்தான் வீட்டுக்குள் சண்டை வந்தது. தூங்கிய பிறகு அறையில் வெளிச்சம் எதற்கு? அரை மணி நேரத்தில் திரை இருண்டுவிட வேண்டும் என்றார் தம்பி. பேட்டரி மிச்சம், கண்ணுக்கும் நல்லது. ஓஎல்இடி திரை என்றால் இன்னொரு காரணமும் உண்டு. ஒரே பொருள் ஒரே இடத்தில் இரவு தவறாமல் மணிக்கணக்கில் பிரகாசித்தால், நாளடைவில் அதன் தழும்பு திரையில் பதிந்துவிடும். இதற்காகவே சிலர் விளக்கை மிக மிக மெதுவாக, கண்ணுக்குத் தெரியாத அளவில் நகர்த்திக்கொண்டே இருப்பார்களாம். எனக்குத் தம்பி சொன்னது நியாயமாகப் பட்டது. சுடர் மெல்லச் சிறுத்து, மறைந்து, கறுப்பாகிற மாதிரி ஒன்று செய்து அத்தையிடம் காட்டினேன்.

முகம் மாறிவிட்டது. "விளக்கு அணையிற மாதிரியா காட்டுறது?" என்றார். அணைப்பது என்ற சொல்லையே எங்கள் வீட்டில் விளக்குக்குச் சொல்ல மாட்டார்கள். விளக்கைக் குளிர வை என்பார்கள், மலையேறிவிட்டது என்பார்கள். தனியாக இருக்கும் 74 வயதுப் பெண்மணியின் தலைமாட்டில் ராத்திரிதோறும் ஒரு விளக்கு அவிந்து இருளும்படி நான் செய்து வைத்திருந்தேன். தப்பு எனக்கு உறைத்தது. ஆனால் விடிய விடிய வெளிச்சமும் ஆகாது. என்னதான் செய்வது?

வழி சொன்னதும் அவரேதான். "கோயில்ல என்னப்பா பண்றாங்க? அர்த்தஜாமம் முடிஞ்சதும் திரையப் போட்டு நடை சாத்துறாங்க. உள்ள விளக்கு எரியுதுன்னு நமக்குத் தெரியும்ல? பாக்கணும்னா இருக்கு?"

மறுநாள் ராத்திரி அதே விளக்கு, அதே ஒரு விரல் கதவு. போனுக்கு ஓர் அடி முன்னால் கம்பி கட்டி, அத்தையின் பழைய அரக்குப் புடவையை அதில் தொங்கவிட்டோம். விளக்கிலிருந்து துணி நான்கடியாவது தள்ளி இருந்தது. தீயோடு விளையாட்டில்லை. திரையை ஒரு நிமிடத்தில் இழுத்து மூட வேண்டும், பாதி வேகத்தில் அது இரண்டு நிமிடமாகும். இரண்டு அடி துணியை ஒரு நிமிடம் முழுக்க, நடுக்கமில்லாமல் இழுத்துப் பாருங்கள், தெரியும். முதலில் நான் இழுத்தேன், விட்டு விட்டு வந்தது. தம்பி இழுத்தார், கம்பி கிறீச்சிட்டது. கடைசியில் டீச்சர் வந்து வாய்க்குள் நாமத்தைச் சொல்லிக்கொண்டே ஒரே சீராக இழுத்து மூடினார். பத்து நாமம், ஒரு நிமிடம்.

மூடிய துணிக்குப் பின்னால் சுடர் தெரியவில்லை. நெசவின் இடைவெளியில் குங்குமப்பூ நிறத்தில் ஒரு கசிவு மட்டும். அதையும் தம்பி இன்னும் மங்கலாக்கி, அறையே இருட்டு என்று சொல்லக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்தார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தெரியாது. உற்றுப் பார்த்தால் உள்ளே எரிகிறது. கூர்மையான சுடர் கண்ணுக்குத் தெரியாததால் திரைக்குப் பின்னால் சுற்று ஒட்டும் வேலையும் சுலபமாகிவிட்டது. ஆக, விளக்கு நேராகத் தெரிவது முதல் 32 நிமிடம், அதாவது முப்பது சுற்று. பிறகு நடை சாத்தல். மீதி ராத்திரி முழுக்கத் திரைக்குப் பின்னால்.

யூடியூபில் ஏற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதைப் படித்துவிட்டு யாராவது முயலக்கூடும். 15 நிமிடத்துக்கு மேல் என்றால் போன் எண் கொடுத்துக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். 12 மணி நேரம் வரை ஏற்றலாம். எட்டு நிமிடத்தைத் தாண்டிய எதிலும் நடுநடுவே விளம்பரம் வைக்க இடமுண்டு. வருமானம் பெறும் சேனல்காரர் நினைத்தால் நடுவில் ஒன்றும் வேண்டாம் என்று எடுத்துவிடலாம். எட்டு மணி நேர வீடியோவில் நடு விளம்பரங்களை விட்டுக்கொடுப்பது அவருக்குப் பெரிய தியாகம்தான். ஆனால் தூங்குகிறவரை எழுப்பிச் சம்பாதிக்கும் காசை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. என்னைப் போல வருமானம் கேட்காதவருக்கு அந்தக் கட்டுப்பாடும் கிடையாது. எங்கள் வீடியோவிலும் விளம்பரம் போட யூடியூபுக்கு உரிமை உண்டு, எங்கே வரும் என்பது எங்கள் கையில் இல்லை. பணத்துக்காகச் செய்பவர்களுக்கு வேறு ஒரு கவலை. 2025 ஜூலையில் விதிகளை இன்னும் தெளிவாக்கி, ஒரே அச்சில் வார்த்துத் தள்ளும் வீடியோக்களுக்கு வருமானம் கிடையாது என்று யூடியூப் சொல்லியிருக்கிறது. ஒரே விளக்கை வைத்துக்கொண்டு, மந்திரத்தை மட்டும் மாற்றி மாற்றி நூறு வீடியோ போடுபவர்கள் அதில் மாட்டலாம்.

கேட்பவர் பக்கம் சுலபமான வழிகள் இருக்கின்றன. 2024லிருந்து யூடியூபில் உறக்க நேரக் கணக்கு இருக்கிறது. அரை மணி, ஒரு மணி என்று வைத்துவிட்டால் நின்றுவிடும். அடுத்த வீடியோ தானாக ஓடுவதையும் நிறுத்தி வைக்கலாம். அத்தைக்கு நான் இரண்டையும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோப்பையே அவர் போனில் ஏற்றிவிட்டேன். டேட்டா வேண்டாம், விளம்பரம் வராது, "இன்னும் பார்க்கிறீர்களா" என்று கேட்டு நடுராத்திரியில் நின்றும் போகாது. போனை விமானப் பயன்முறையிலும் போட்டு வைக்கலாம் என்றேன். "ராத்திரி நீ கூப்பிட்டா?" என்று அதை மறுத்துவிட்டார்.

இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் போயிருந்தேன். தினமும் போடுகிறாராம், நன்றாகத் தூக்கம் வருகிறதாம். திரி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஏம்பா, அந்தத் திரை போடுற இடம்... நல்லா மூடுதா?" என்றார்.

"நீங்க பாக்கலையா அத்தை?"

"எங்க? அதுக்குள்ளதான் தூங்கிப் போயிடுறேனே."